எழுதிக் கேட்பதா, பேசிக் கேட்பதா, கூட நின்று பார்ப்பதா?

இரு வீட்டாரும் சந்தித்துப் பேசி, கைபேசி எண்களைக் கொடுத்துவிட்டு, "இனி நீங்கள் இருவரும் பேசிப் பாருங்கள்" என்று விலகிக்கொண்ட அன்று இரவு என் சித்தி மகள் என்னை அழைத்தாள். அவளுக்கு வயது 29. மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். இணையத்திலிருந்து எடுத்த ஐம்பது கேள்விகளைக் கையில் வைத்திருந்தாள். "இதில் எதை முதலில் கேட்பது, அக்கா?" என்றாள். வாசிக்கச் சொன்னேன். ஏழாவது கேள்வியில் நிறுத்தச் சொன்னேன். "கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்பது அந்தக் கேள்வி. அதற்குக் கோபக்காரர் எவரும் சரியான பதில் சொல்லி நான் கேட்டதில்லை. பொய் சொல்கிறார்கள் என்பதுகூட இல்லை. பாதிப் பேருக்குத் தம் கோபம் எப்படி இருக்கும் என்று தெரியாது, கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அவளிடம் நான் சொன்னது இதுதான்: கேள்விகளைத் தேர்வு செய்வதை ஒத்திவை, முதலில் வழியைத் தேர்வு செய். வீட்டார் அறிமுகப்படுத்திய ஒருவரைத் தெரிந்துகொள்ள நம்மிடம் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. செய்தி அனுப்பலாம், தொலைபேசியில் பேசலாம், நேரில் உட்கார்ந்து பேசலாம், ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்யலாம், தெரிந்தவர்களிடம் விசாரிக்கலாம். ஒவ்வொரு வழியும் ஒரு வகை உண்மையை நன்றாகக் காட்டும், இன்னொரு வகையை நன்றாகவே மறைக்கும். பெரும்பாலானோர் தங்களுக்கு எளிதாக இருக்கும் வழியிலேயே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். பேச்சில் கூச்சம் உள்ளவர் மாதக்கணக்கில் செய்தி அனுப்புகிறார், பேசத் தெரிந்தவர் இரண்டு மாலைப் பேச்சில் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்.

வீட்டில் இரண்டு வாரத்தில் பதில் கேட்டார்கள். அவள் எட்டு வாரம் கேட்டாள். பேரம் ஆறில் நின்றது. அந்த ஆறு வாரத்தில் நடந்ததை அவள் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் எழுத்து. செய்திகளில் பழகுவதைப் பற்றிப் பெரியவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது; முகம் பார்க்காமல் எழுதுவதில் பொய் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. தகவல்தொடர்பு ஆய்வாளர் ஜெஃப் ஹான்காக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 28 மாணவர்கள் ஒரு வாரம் தங்கள் உரையாடல்களையும் அவற்றில் தாம் சொன்ன பொய்களையும் தாமே குறித்து வைத்தார்கள். தொலைபேசி உரையாடல்களில் 37 சதவீதத்திலும், நேர்ப்பேச்சில் 27 சதவீதத்திலும், உடனடிச் செய்திகளில் 21 சதவீதத்திலும், மின்னஞ்சலில் 14 சதவீதத்திலும் பொய் இருந்தது. சிறிய ஆய்வு, அதுவும் மாணவர்களிடம் நடந்தது. திருமணப் பேச்சுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் காரணம் பொருந்துகிறது. எழுதியது அழியாமல் கிடக்கிறது, நாளைக்கு எடுத்துக் காட்டலாம். மேலும் அன்றாடப் பொய்களில் பெரும்பகுதி திட்டமிட்டுச் சொல்வதில்லை. எதிர்பாராமல் கேள்வி வரும்போது, பதில் சொல்ல அவகாசம் இல்லாமல், வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. எழுத்தில் அந்த நெருக்கடி இல்லை.

ஆகவே சரிபார்க்கக்கூடிய தகவல்களுக்கு எழுத்தே நல்ல வழி. என்ன வேலை, எத்தனை ஆண்டாக, கடன் உண்டா, இதற்கு முன் திருமணமோ நிச்சயமோ ஆகி நின்றதுண்டா, திருமணத்துக்குப் பின் எங்கே, யாரோடு வாழ எண்ணம், குழந்தை வேண்டுமா, இருவரும் வேலைக்குப் போவதா. இவற்றைக் குறுக்கு விசாரணை போலக் கேட்டால் எதிரில் இருப்பவர் சுருங்கிவிடுவார். என் தங்கை செய்தது எனக்குப் பிடித்திருந்தது. "இந்த ஐந்தைப் பற்றியும் நான் என்னுடையதை எழுதி அனுப்புகிறேன், நீங்களும் எழுதுங்கள், இரண்டு நாள் எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லி, தன்னுடையதை முதலில் அனுப்பினாள். அவர் நான்குக்கு விவரமாகப் பதில் எழுதினார். கடன் என்ற இடத்தில் மட்டும் "இருக்கிறது, விவரம் நேரில் சொல்கிறேன்" என்று இருந்தது. அவள் பதறினாள். எனக்கு அது நல்ல பதிலாகப் பட்டது. இல்லை என்று எழுதியிருக்கலாம், அந்த வரியையே விட்டிருக்கலாம். "இருக்கிறது" என்பதை எழுத்தில் கொடுத்துவிட்டார்.

எழுத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பொய் குறைவு என்பதற்காக முழு மனிதர் தெரிகிறார் என்று ஆகாது. எழுதுபவர் தன் நல்ல நேரத்தில், நல்ல சொற்களைத் தேர்ந்து எழுதுகிறார். வாசிப்பவர் இடைவெளிகளையெல்லாம் தன் விருப்பத்தால் நிரப்பிக்கொள்கிறார். ஜோசஃப் வால்தர் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996லேயே இதை விளக்கியிருக்கிறார்: நேரில் பழகுவதைவிட எழுத்தில் நெருக்கம் மிகையாக வளர்ந்துவிடக்கூடும். அது பொய்யே இல்லாமல் வரும் ஏமாற்றம், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இரவு ஒரு மணி வரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்த இருவர், நேரில் பார்த்ததும் வேறு யாரோ வந்துவிட்டதைப் போல உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எழுத்துக்கு ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள் போதும். தகவல் கிடைத்ததும் அதை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

தொலைபேசியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. குரல் பழகும், சிரிப்பு தெரியும், மௌனத்தை இருவரும் எப்படித் தாங்குகிறார்கள் என்பது தெரியும். முக்கியமான கேள்வியை மட்டும் அதில் வைக்க வேண்டாம். மேலே சொன்ன ஆய்வில் பொய் அதிகம் இருந்ததும் அங்கேதான். முகமும் தெரியாது, பதிவும் இல்லை. காணொளி அழைப்பு கொஞ்சம் மேல். ஆனாலும் இருவரும் தலைவாரி, வெளிச்சம் பார்த்து உட்கார்ந்திருக்கும் அரைமணி நேரம்தான் அது.

நேரில் உட்கார்ந்து பேசுவதைத்தான் எல்லோரும் உயர்வாக நினைக்கிறார்கள். கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. தெரியாது. உளவியலாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒருவர் சொல்வது பொய்யா உண்மையா என்று முகத்தையும் பேச்சையும் மட்டும் வைத்துக் கணிப்பவர்கள் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாகச் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். "எனக்கு ஆள் பார்த்தாலே தெரியும்" என்று சொல்லும் மாமாக்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.

இதைவிட நுட்பமான இன்னொரு சிக்கல் நேர்ப்பேச்சில் இருக்கிறது. உளவியலாளர் ஆர்தர் ஆரோனும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவரை உட்கார வைத்து, மெல்ல மெல்ல ஆழமாகிக்கொண்டே போகும் 36 கேள்விகளை மாறி மாறிக் கேட்கச் செய்தார்கள். முக்கால் மணி நேரத்தில் அவர்களிடையே கணிசமான நெருக்கம் வந்துவிட்டது. இந்தக் கேள்விகளை இப்போது இணையத்தில் திருமணப் பேச்சுக்கான கருவியாகவே பரப்புகிறார்கள். என் தங்கையின் ஐம்பதிலும் சில இருந்தன. எனக்கு அந்த ஆய்வு எச்சரிக்கையாகவே படுகிறது. முக்கால் மணி நேரத்தில் எவரோடும் நெருக்கம் வரும் என்றால், நெருக்கமாக உணர்வதை வைத்து அவரைத் தெரிந்துகொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தரங்கமாகப் பேசிய மாலைக்குப் பிறகு வரும் வெதுவெதுப்பு, பேசியதால் வந்தது. அது அவரால்தான் வந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

அப்படியென்றால் நேர்ப்பேச்சு எதற்கு? காயம் தரக்கூடியதைச் சொல்வதற்கும் கேட்பதற்கும். தகவலுக்கு எழுத்து, ரணத்துக்கு நேர் என்று நான் பிரித்துக்கொள்வேன். எழுத்தை நாளைக்கு எடுத்துக் காட்டலாம் என்பதே அதன் ஆபத்தும். சம்பந்தம் நின்றுபோனால் அந்தச் செய்தி யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

என் தங்கைக்குச் சொல்ல ஒன்று இருந்தது. பதினேழு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. அன்றிலிருந்து தினமும் மாத்திரை எடுக்கிறாள். கடைசியாக வலிப்பு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதை எப்போது சொல்வது என்பதில் வீட்டில் மூன்று கட்சி. சித்தி, முதல் சந்திப்புக்கு முன்பே தரகர் போல நடுவில் இருந்த உறவினர் மூலம் சொல்லிவிடலாம் என்றார். சித்தப்பா, இருவருக்கும் பிடித்துப்போய் நாள் குறிக்கும் நேரத்தில் சொன்னால் அவர்கள் பெரிதாக எடுக்க மாட்டார்கள் என்றார். நான் மூன்றாவது வாரத்தில், நேரில், அவள் வாயால் என்றேன்.

முதல் வழியில் நேர்மை இருக்கிறது. ஆனால் நோயின் பெயர் மட்டும் முன்னால் போய் நிற்கும், ஆள் பின்னால் வருவாள். அதோடு இரண்டு பேர் வாய் மாறினால் "எப்போதாவது வந்தது" என்பது "அடிக்கடி வரும்" என்று ஆகிவிடும். இரண்டாவது வழியை நான் முழுமையாக எதிர்க்கிறேன். எதிரில் இருப்பவர் மறுக்க முடியாத கட்டம் வரும் வரை காத்திருந்து சொல்வது, சொன்னது போன்ற தோற்றத்தில் ஒளிப்பதுதான். சம்மதத்தின் விலை நாளுக்கு நாள் ஏறுகிறது. உறவினர்களுக்குச் சொல்லியாயிற்று, விடுப்புக்கு எழுதியாயிற்று என்ற பிறகு "வேண்டாம்" என்று சொல்லத் துணிவு வேண்டும், அது எல்லோரிடமும் இருக்காது. அப்படிக் கிடைக்கும் சம்மதத்தோடு எத்தனை ஆண்டு வாழ முடியும்?

எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதற்கு நான் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். "இது முன்பே தெரிந்திருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருப்பேன்" என்று பிற்காலத்தில் அவர் சொன்னால், அது நியாயமான பேச்சாக இருக்குமா? இருக்கும் என்றால் பதில் கேட்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். தொடர்ந்து எடுக்கும் மருந்து, கடன், முந்தைய திருமணம், வழக்கு, குழந்தை வேண்டாம் என்ற எண்ணம் இதில் வரும். கல்லூரியில் ஒருவரைப் பிடித்திருந்தது, அது தானாக முடிந்தது என்பது வராது. அது சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லும் கதை. நேர்மை என்ற பெயரில் நாட்குறிப்பு முழுவதையும் ஒப்படைக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அப்படிக் கேட்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

மூன்றாவது வாரம் அவள் சொன்னாள். நான்கு வாக்கியம்: எப்போது தொடங்கியது, என்ன மருந்து, கடைசியாக எப்போது வந்தது, மருத்துவர் என்ன சொல்கிறார். கூடவே, "என் மருத்துவரிடம் நீங்கள் நேரில் கேட்க வேண்டும் என்றால் என்னோடு வரலாம்" என்றாள். மன்னிப்புக் கேட்கும் தொனி வரக் கூடாது என்று கண்ணாடி முன்னால் பழகிவிட்டுப் போயிருந்தாள். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவி கொடுப்பதெல்லாம் பயன்படாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று சொன்னாள். அதன் பிறகுதான் அவர் தன் கடனைச் சொன்னார். அண்ணனின் தொழிலுக்கு இவர் பெயரில் வாங்கிய கடன். சம்பளத்தில் பத்தில் நான்கு பங்கு தவணைக்குப் போகிறது. அண்ணன் கட்டுவதாகச் சொன்னார், ஓர் ஆண்டாகக் கட்டவில்லை.

அவரும் உடனே மனம் திறந்ததில் அவள் நெகிழ்ந்து போயிருந்தாள். நான் ஆரோனின் முக்கால் மணி நேரத்தை நினைவூட்டினேன். அன்று அவளுக்கு என்மேல் கோபம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வழிக்கு வருகிறேன். சேர்ந்து ஒரு வேலை செய்வது. சினிமாவுக்குப் போவதோ, கோவிலுக்கோ கடற்கரைக்கோ போவதோ இதில் சேராது. அங்கே இருவரும் விருந்தாளிகள், எதுவும் தவறாகப் போக வாய்ப்பில்லை. வேலையில் ஒரு முடிவு வேண்டும், ஒரு கெடு வேண்டும், மூன்றாவது மனிதர்கள் சிலர் நடுவில் வர வேண்டும், ஏதாவது ஒன்று கெட்டுப்போக இடம் இருக்க வேண்டும். மூன்று நான்கு மணி நேரமாவது நீள வேண்டும். நல்ல நடத்தையை இரண்டு மணி நேரம் எவரும் பிடித்து வைத்திருக்க முடியும், பசியும் களைப்பும் வந்த பிறகு பிடி தளரும். இதற்காக யாரையும் சோதனை வைப்பது போலச் சூழ்ச்சி செய்வது அசிங்கம், வேண்டாம். வாழ்க்கையில் வேலை எப்போதும் இருக்கிறது, அதில் ஒன்றுக்குக் கூப்பிட்டால் போதும்.

நான்காவது வாரம் என் தங்கையின் தோழி வீடு மாறினாள். இவள் உதவிக்குப் போக வேண்டியிருந்தது, அவரையும் வரச் சொன்னாள். பத்து மணிக்கு வர வேண்டிய லாரி பன்னிரண்டுக்கு வந்தது. பாதி ஏற்றும்போது மழை. ஒரு பெட்டியின் அடி பிய்ந்து பாத்திரங்கள் படிக்கட்டில் உருண்டன. சாமான் ஏற்றியவர்களிடம் அவர் குரல் உயரவில்லை. தார்ப்பாயை யார் பிடிப்பது என்பதில் தோழியின் தம்பி சொன்ன யோசனை தன்னுடையதைவிட நன்றாக இருந்ததும் தன்னுடையதை விட்டுவிட்டார். இதெல்லாம் எந்தக் கேள்விக்கும் பதிலாகக் கிடைத்திருக்காது.

இன்னொன்றும் நடந்தது. ஒன்றரை மணிக்கு அவர் அம்மா அழைத்தார். மாடிப்படியில் நின்றபடி அவர், "அலுவலகத்தில் இருக்கிறேன் அம்மா, திடீர் வேலை" என்றார். அன்று விடுமுறை நாள். என் தங்கை இரண்டு படி கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதை அங்கேயே கேட்கவில்லை. நல்ல காரியம் செய்தாள். மறுநாள் பேசும்போது, "நேற்று அம்மாவிடம் வேறு மாதிரி சொன்னீர்களே, ஏன்?" என்று கேட்டாள். குற்றச்சாட்டு இல்லாமல், தெரிந்துகொள்ள விரும்பும் குரலில். அவர் சொன்ன பதில் நேர்மையாக இருந்தது: "இங்கே இருக்கிறேன் என்றால் ஏன், எதற்கு, இன்னும் முடிவாகவில்லையே என்று ஒரு மணி நேரம் போகும். வீட்டில் மாட்டேன் என்று சொல்வதைவிட ஏதாவது சொல்லித் தப்பிப்பது எனக்குச் சுலபம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்."

அந்த இரவு அவள் என்னிடம் வந்தபோது இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகச் சொன்னாள்: அண்ணனின் கடன், அம்மாவிடம் சொன்ன பொய். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. வீட்டில் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஒருவர் ஓர் இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இன்னோர் இடத்தில் அலுவலகத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நாளைக்கு இவளுக்கும் அவர் வீட்டாருக்கும் நடுவில் ஒரு விஷயம் வரும்போது, இருபக்கமும் ஆளுக்கொன்று சொல்லி அந்த மாலையைக் கடத்திவிடுவார். ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த வேலைதான் உண்மையில் தெரிந்துகொள்வது என்று நினைக்கிறேன். எழுத்தில் கிடைத்த ஒரு வரி, நேரில் சொன்ன ஒரு கதை, படிக்கட்டில் காதில் விழுந்த ஒரு வாக்கியம். தனியாக எதுவும் பெரிதில்லை.

பிறரிடம் விசாரிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டார் அதிகம் நம்புவது இதைத்தான், மோசமாகச் செய்வதும் இதைத்தான். "ஆள் எப்படி?" என்று கேட்டால் "தங்கமான ஆள்" என்றுதான் பதில் வரும். ஒரு சம்பந்தத்தைக் கெடுத்த பழி யாருக்கும் வேண்டாம். ஆனால் சரியாகக் கேட்டால் பிறர் சொல்வது மதிப்புள்ளது. உளவியலாளர் சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம் போன்ற, மனதுக்குள் இருக்கும் உணர்வுகளைப் பற்றி அந்த ஆளே நன்றாகச் சொல்கிறார், ஆனால் அறிவுத்திறன் போல, நல்ல பெயர் கெட்ட பெயர் சம்பந்தப்பட்ட குணங்களை நண்பர்கள் இன்னும் சரியாகக் கணிக்கிறார்கள் என்று கண்டார். அதாவது "உங்களுக்கு எதைக் கண்டால் பயம்?" என்பதை அவரிடம் கேட்கலாம். பெருமையோ சிறுமையோ ஒட்டியிருக்கும் எதையும் அடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் முறை: குணத்தைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்பது. "கடைசியாக உங்களுக்கும் அவருக்கும் எதில் ஒத்துப்போகவில்லை? அப்புறம் யார் முதலில் பேசினீர்கள்?" என்றால் மனிதர்கள் யோசித்து உண்மையாகச் சொல்கிறார்கள், காட்டிக் கொடுப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. யாரைக் கேட்பது என்பதும் முக்கியம். மேலதிகாரியைவிட அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் நல்லது. ஒளிந்து விசாரிக்காமல் "உங்கள் நண்பர்கள் இரண்டு பேரைப் பார்க்க விரும்புகிறேன், என் தோழிகளை நீங்களும் பாருங்கள்" என்று வெளிப்படையாகச் செய்தால் இன்னும் நல்லது. என் தங்கை அப்படி ஒரு நண்பரைப் பார்த்தாள். சுற்றுலா ஒன்று பாதியில் நின்ற கதையை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கடைசி நாள் வரை வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்த இவர், பஸ் கிளம்பும் அன்று காலையில்தான் வீட்டில் கேட்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டாராம். மூன்றாவது சாட்சி கிடைத்துவிட்டது.

துப்பறியும் நிறுவனங்களை அமர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பு, வேலை, முந்தைய திருமணம், வழக்கு போன்ற ஆவணம் உள்ள விஷயங்களில் சந்தேகம் வலுவாக இருந்தால் புரிந்துகொள்ள முடிகிறது. மாடிப்படிப் பொய்யை எந்த நிறுவனமும் எழுதித் தராது. பின்னால் தெரியவந்தால் ஏற்படும் அவமானத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

ஐந்தாவது வாரம் அவள் முன்னால் இருந்தவை மூன்று தேர்வுகள். இத்தோடு நிறுத்திக்கொள்வது. திருமணத்துக்குப் பின் மாறிவிடுவார் என்று நம்பிச் சரி சொல்வது. அல்லது, இதை அவரிடமே வைத்துப் பேசிப் பார்ப்பது. இரண்டாவதை நான் பேசவே விடவில்லை. வரப்போகும் குணத்தை நம்பி, இப்போது இருக்கும் ஆளுக்குச் சரி சொல்வதுபோல் ஆபத்து வேறு கிடையாது. முதலாவதில் தவறு இல்லை. அவள் மூன்றாவதை எடுத்தாள்.

அவரிடம் அவள் சொன்னது: "கடன் இருப்பது எனக்குப் பயமில்லை. வீட்டில் மாட்டேன் என்று உங்களால் சொல்ல முடியவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. நான் ஏதும் தவறாகப் புரிந்துகொண்டேனா?" கடைசி வாக்கியத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளுடையது. இதற்கு வரக்கூடிய பதில்களில் சிலவற்றைக் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். "உனக்கு என் குடும்பத்தைப் பிடிக்கவில்லை" என்று திருப்புவது, "எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்று மூடுவது, உடனே ஒப்புக்கொண்டு அத்தனையும் நாளையே சரி செய்வதாகச் சத்தியம் செய்வது. மூன்றாவதுதான் கேட்க இனிமையானது, இந்த மனிதரைப் பொறுத்தவரை மோசமானதும் அதுவே. வீட்டாரிடம் செய்வதையே இவளிடமும் செய்வதாக ஆகிவிடும்.

அவர் மூன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் பேசவே இல்லை. அந்த இரண்டு நாளும் என் தங்கை என்னைத் தூங்க விடவில்லை. பிறகு கடன் கணக்கின் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார்: இன்னும் 14 தவணைகள். அண்ணனிடம் கேட்டதாகவும், பாதித் தவணையை அடுத்த மாதத்திலிருந்து அவர் ஏற்பதாகவும், அதை நம்பலாமா என்று தனக்கே உறுதியில்லை என்றும் சொன்னார். அம்மாவிடம், அன்று வீடு மாற்றத்துக்குத்தான் போயிருந்தேன் என்று சொல்லிவிட்டாராம். அதற்கு மேல், முடிவு என்ன என்று ஆறாவது வாரக் கடைசி வரை யாரும் கேட்க வேண்டாம் என்றும் சொன்னாராம். வீட்டில் இரண்டு நாள் அம்மா பேசவில்லை, அதனால்தான் இவரும் பேசும் மனநிலையில் இல்லை.

எனக்கு அது போதாது. ஒரு முறை சொன்னது பழக்கம் ஆகிவிடாது. அண்ணனின் முதல் இரண்டு தவணை வரும் வரை, அதாவது இன்னும் இரண்டு மாதம் பொறு என்றேன். இடையில் நாள் மட்டும் குறிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். சித்தப்பா நான் சம்பந்தத்தைக் கெடுப்பதாகச் சொன்னார். என் தங்கை இருவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை சம்மதம் சொன்னாள். ஆனால் நாளை ஆறு மாதம் தள்ளி வைக்கச் சொன்னாள், காரணத்தை இரண்டு வீட்டாரிடமும் ஒளிக்காமல்.

"எதை வைத்து முடிவு செய்தாய்?" என்று கேட்டேன்.

"அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்ததை என்னிடம் சொல்லும்போது, 'உன்னால்தான்' என்ற தொனி எங்காவது வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், அக்கா. வரவில்லை."

முதல் தவணை வந்துவிட்டது. இரண்டாவதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.